வெற்று வாளி சொல்லாத விடை

அடியில் துளையுள்ள வாளி ஒன்றில் நீர் நிறைந்திருக்கிறது. நீர்மட்டம் இந்நொடியில் 25 செ.மீ. என்பது தெரிந்தால், இன்னும் இரண்டு நிமிடங்களில் அது எவ்வளவாகக் குறைந்திருக்கும் என்பதைக் கணக்கிட்டுக் கூறலாம். அதே வாளி வெறுமையாகக் கிடக்கும்போது ஒருவரிடம் காட்டி, இதிலிருந்த நீர் எப்போது வடிந்து முடிந்தது என்று வினவினால், அவர் விடை கூற இயலாமல் திகைப்பார். சற்று முன்பு வடிந்திருக்கலாம்; நேற்றே வடிந்திருக்கலாம்; அதில் நீர் ஊற்றப்படாமலே இருந்திருக்கவும் கூடும். வெற்று வாளி தன் பழைய கதையைச் சொல்வதில்லை.

இஃது அன்றாடச் செய்திதான். ஆயினும் இதனைச் சமன்பாடாக எழுதிப் பார்த்தால், ஒரு கணக்கிற்கு விடை உண்டா, உண்டெனில் அது ஒன்றுதானா என்னும் இரு வினாக்கள் அதற்குள் ஒளிந்திருப்பது தெரியவரும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கணித அறிஞர் பலரை உழைக்க வைத்த வினாக்கள் இவை.

டாரிசெல்லியின் விதி

கலிலியோவின் இறுதி மாதங்களில் அவருடன் இருந்து பணியாற்றியவர் எவாஞ்செலிஸ்டா டாரிசெல்லி என்னும் இத்தாலிய அறிஞர். துளையின் வழியே பாயும் நீரின் வேகத்தைப் பற்றி அவர் 1644ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் ஒரு விதியைக் கூறினார். நீர்மட்டம் துளைக்கு மேல் h உயரத்தில் இருந்தால், துளையிலிருந்து வெளிப்படும் நீர், அதே h உயரத்திலிருந்து தடையின்றி விழும் பொருள் பெறும் வேகத்தைப் பெறும் என்பதே அவ்விதி. புவியீர்ப்பு முடுக்கத்தை g எனக் குறித்தால் அவ்வேகம் √(2gh) ஆகும். மட்டம் நான்கு மடங்கு உயர்ந்தால் வேகம் இரு மடங்கே உயரும்.

ஒரு நொடியில் துளை வழியே வெளியேறும் நீரின் கனஅளவு, அந்நொடியில் வாளியில் குறையும் நீரின் கனஅளவுக்குச் சமம். ஆகவே வாளியின் அகலம் மேலிருந்து கீழ்வரை ஒரே அளவாக இருந்தால், நீர்மட்டம் தாழும் வீதம் √h-க்கு நேர்விகிதத்தில் அமையும். வாளியின் விட்டம் 30 செ.மீ. எனவும் துளையின் விட்டம் 1 செ.மீ.க்குச் சற்றே மிகுதி எனவும் கொள்க. துளையை விட்டு வெளிவந்ததும் நீர்த்தாரை குறுகித் துளையின் பரப்பில் ஏறத்தாழ 0.6 பங்காகிவிடும் என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டால், உயரத்தைச் சென்டிமீட்டரிலும் நேரத்தை நிமிடத்திலும் அளக்கும்போது, சமன்பாடு பின்வரும் எளிய வடிவம் பெறும்.

h′ = −2√h

இதில் h′ என்பது நேரத்தைப் பொறுத்து h மாறும் வீதம். குறைக்குறி, மட்டம் தாழ்வதைக் காட்டுகிறது. இதற்குத் தீர்வு காண்பதற்கு h-ஐ விட்டு √h-ஐ நோக்குவது நன்று. √h-இன் வகைக்கெழு h′/(2√h) ஆகும். அதில் சமன்பாட்டைப் பிரதியிட்டால் −1 கிடைக்கிறது. அதாவது √h என்னும் அளவு ஒவ்வொரு நிமிடமும் சரியாக ஒன்று குறைகிறது. தொடக்கத்தில் h = 25 ஆதலின் √h = 5. எனவே t நிமிடங்களுக்குப் பின் √h = 5 − t; ஆகவே h = (5 − t)².

முதல் நிமிடத்தின் முடிவில் மட்டம் 16 செ.மீ.; அடுத்து 9, 4, 1 என இறங்கி, ஐந்தாம் நிமிடத்தின் முடிவில் சுழியாகிறது. நிமிடந்தோறும் தாழ்ந்த அளவுகள் 9, 7, 5, 3, 1. விழும் பொருள் சமகால இடைவெளிகளில் கடக்கும் தொலைவுகள் 1, 3, 5, 7 என ஒற்றை எண்களின் விகிதத்தில் வளரும் என்று கலிலியோ கண்டிருந்தார். அவ்வரிசையே இங்குத் தலைகீழாகத் திரும்பி வருகிறது.

ஒரு தொடக்கம், பல கதைகள்

மாற்றத்தின் விதியும் ஏதேனும் ஒரு நேரத்தின் நிலையும் கொடுக்கப்பட்டு, பிற நேரங்களின் நிலையைக் காணுமாறு அமைந்த கணக்கு தொடக்க மதிப்புக் கணக்கு எனப்படும். மேலே கண்ட கணக்கில் விதி h′ = −2√h; தொடக்க நிலை h(0) = 25. தொடக்கம் என்னும் சொல் இருப்பினும், கொடுக்கப்பட்ட நேரத்திலிருந்து முன்னோக்கிச் செல்வதைப் போலவே பின்னோக்கிச் சென்றும் விடை தேடலாம். கோள்கள் இன்றிருக்கும் இடங்களைக் கொண்டு பழங்காலக் கிரகணங்களின் நாள்களை வானியலார் கணக்கிடுவது இவ்வகையினதே.

இனி அதே விதியை வைத்துக்கொண்டு தொடக்க நிலையை மட்டும் மாற்றுக. பத்தாம் நிமிடத்தில் வாளி வெறுமையாக இருந்தது, அதாவது h(10) = 0 என்பது மட்டுமே தெரியும். அதற்கு முன் நிகழ்ந்தது என்ன?

h எப்போதும் சுழியாகவே இருந்தது என்பது ஒரு தீர்வு. சுழியின் வகைக்கெழு சுழி; −2√0 என்பதும் சுழி; விதி நிறைவேறுகிறது. ஐந்தாம் நிமிடம் வரை h = (5 − t)², அதன்பின் h = 0 என்பது மற்றொரு தீர்வு. இங்கு இரு துண்டுகள் ஒட்டப்பட்டிருப்பதால் ஒட்டுமிடத்தில் வகைக்கெழு உண்டா என ஐயம் எழலாம். (5 − t)²-இன் வகைக்கெழு −2(5 − t); t = 5 எனில் அது சுழி. வலப்புறத்திலும் சாய்வு சுழி. பரவளையம் தன் உச்சியில் கிடைக்கோட்டை மெல்லத் தொட்டு அதனோடு இணைந்துவிடுகிறது. ஒட்டிய தழும்பே இல்லை. எட்டாம் நிமிடத்தில் வடிந்து முடிந்ததாகக் கொண்டு (8 − t)² என எழுதினாலும் குற்றமில்லை. பத்துக்கு மிகாத எந்த எண் c-ஐ எடுத்தாலும், c வரை (c − t)², பிறகு சுழி என்பது விதிக்கும் தொடக்க நிலைக்கும் பொருந்துகிறது. ஒரு கணக்கிற்கு எண்ணிலாத விடைகள்.

கணிப்பவர் பிழை செய்ததால் இவை தோன்றவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சமன்பாடு வாளியை உள்ளபடியே பிரதிபலிக்கிறது. வாளிக்குத் தெரியாததைச் சமன்பாடும் சொல்ல மறுக்கிறது. எனினும் h = 25 என்னும் தொடக்கத்தில் இத்தகைய குழப்பம் நேரவில்லையே? சுழி மட்டும் ஏன் இடர் தருகிறது?

லிப்ஷிட்ஸ் விதித்த வரம்பு

இவ்வினாவுக்கு விடை தருவது ஜெர்மானியக் கணித அறிஞர் ரூடால்ஃப் லிப்ஷிட்ஸின் பெயரால் வழங்கும் நிபந்தனை. அவர் அதனை 1876ஆம் ஆண்டுக் கட்டுரையில் கையாண்டார். மாற்றத்தின் விதியை h′ = f(h) எனப் பொதுவாக எழுதுக. a, b என்னும் இரு நிலைகளை எடுத்தால், அவற்றின் மாறுவீதங்களுக்கு இடையிலான வேறுபாடு, அந்நிலைகளுக்கு இடையிலான வேறுபாட்டின் குறிப்பிட்ட ஒரு மடங்கைத் தாண்டக்கூடாது என்பதே நிபந்தனை.

|f(a) − f(b)| ≤ L |a − b|

எந்த இரு நிலைகளை எடுத்தாலும் L என்னும் அதே மாறிலி போதுமானதாக இருக்க வேண்டும். அருகருகே உள்ள நிலைகள் ஏறத்தாழ ஒரே வீதத்தில் மாற வேண்டும் என்பதன் அளவிட்ட வடிவம் இது.

இந்நிபந்தனை நிறைவேறினால் தீர்வு ஒன்றே என்பதைச் சில வரிகளில் நிறுவலாம். ஒரே தொடக்கத்திலிருந்து p, q என இரு தீர்வுகள் புறப்படுவதாகக் கொள்க. அவற்றின் வேறுபாடு d = p − q. தொடக்கத்தில் d = 0. வேறுபாடு மாறும் வீதம் f(p) − f(q). நிபந்தனைப்படி அதன் அளவு L|d|-ஐ மிஞ்சாது. தொடக்கத்திலிருந்து 1/(2L) அளவுள்ள ஒரு சிறு காலத்தை மட்டும் நோக்குக. அக்காலத்தில் |d| அடையும் மிகப்பெரிய மதிப்பு M எனில், d மாறும் வீதம் எந்த நேரத்திலும் LM-ஐத் தாண்டாது. சுழியில் தொடங்கி, LM-க்கு மிகாத வீதத்தில், 1/(2L) காலம் மாறிய ஒன்று அதிகபட்சம் LM × 1/(2L), அதாவது M/2 அளவையே எட்டும். ஆனால் அது எட்டிய மிகப்பெரிய மதிப்பு M அன்றோ? ஆகவே M ≤ M/2. குறை எண்ணாக இருக்க இயலாத M-க்கு இது பொருந்த வேண்டுமாயின் M சுழியாகத்தான் இருக்க வேண்டும். இரு தீர்வுகளும் அச்சிறு காலத்தில் பிரியவே இல்லை. அக்காலத்தின் முடிவைப் புதிய தொடக்கமாகக் கொண்டு இதே வாதத்தை மீண்டும் மீண்டும் நிகழ்த்தலாம். நேரத்தில் பின்னோக்கிச் சென்றாலும் வாதம் மாறுவதில்லை.

இப்போது வாளியைச் சோதிக்க. ஒரு நிலை சுழி. மற்றொரு நிலை h. வீதங்களின் வேறுபாட்டை நிலைகளின் வேறுபாட்டால் வகுத்தால் 2√h/h, அதாவது 2/√h கிடைக்கும். h = 1 எனில் அது 2. h = 0.01 எனில் 20. h = 0.0001 எனில் 200. சுழியை நெருங்க நெருங்க இவ்விகிதம் வரம்பின்றி உயர்வதால் எந்த L-உம் போதாது. √h-இன் வரைபடம் ஆதிப்புள்ளியில் செங்குத்தாக எழுவதே இதன் காரணம். சுழிக்கு மேல், 1 செ.மீ.க்குக் குறையாத மட்டங்களில் மட்டும் நின்றால் L = 1 என்பதே போதும்; அதனால்தான் 25 செ.மீ. தொடக்கத்தில் குழப்பம் இல்லை.

இங்கு ஒரு நுட்பம் உண்டு. நிபந்தனை தவறினால் தீர்வுகள் பலவாகியே தீரும் என்று லிப்ஷிட்ஸ் கூறவில்லை. வெற்று வாளியிலிருந்து முன்னோக்கிச் சென்றால் தீர்வு ஒன்றே. இரு மட்டங்களுள் உயர்ந்தது விரைவாகவும் தாழ்ந்தது மெதுவாகவும் இறங்குவதால் இடைவெளி சுருங்குமே அன்றி விரியாது. சுழியாக இருந்த இடைவெளி சுழியாகவே நீடிக்கும். நிபந்தனை இருந்தால் ஒருமை உறுதி. நிபந்தனை இல்லையெனில் அந்த உறுதி மட்டுமே இல்லை. தனியே ஆராய்ந்துதான் முடிவு கூற வேண்டும்.

துளைக்குப் பதில் மெல்லிய குழாய்

அதே வாளியின் அடியில் துளைக்குப் பதிலாக நீண்ட, மிக மெல்லிய குழாய் ஒன்றைக் கிடைமட்டமாகப் பொருத்துக. அதற்குள் நீர் ஊர்ந்து செல்லும்போது அதன் பாகுநிலையே வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது. வெளியேறும் அளவு √h-க்கு அன்றி h-க்கே நேர்விகிதத்தில் அமைகிறது. சமன்பாடு h′ = −kh என்றாகிறது. இங்கு வீதங்களின் வேறுபாடு நிலைகளின் வேறுபாட்டின் சரியாக k மடங்கு; L = k என எங்கும் பொருந்துகிறது.

இதன் தீர்வு அடுக்குக்குறிச் சார்பு. குறிப்பிட்ட காலத்தில் மட்டம் பாதியாகும்; மேலும் அவ்வளவு காலத்தில் அதிலும் பாதியாகும். சமன்பாட்டின்படி அது சுழியை நெருங்குமே தவிர ஒருநாளும் தொடுவதில்லை. ஆகவே ஏதேனும் ஒரு நேரத்தில் h = 0 எனில் எந்நேரத்திலும் h = 0 ஆக இருந்திருக்க வேண்டும். எவ்வளவு சிறிய மட்டம் எஞ்சியிருந்தாலும் அதைக் கொண்டு பழைய மட்டத்தைத் திரும்பக் கணக்கிட்டுவிடலாம். முன்னதில் வாளி உண்மையாகவே காலியாகி மறந்துபோகிறது. பின்னதில் மறப்பதற்கு நேரம் வாய்ப்பதே இல்லை. இரு நடத்தைகளையும் பிரிப்பது √h, h என்னும் இவ்விரண்டின் வேறுபாடே.

தீர்வே இல்லாத கணக்கு

தீர்வு ஒன்றா பலவா என்பதற்கு முன், அது உண்டா என்பதே முதல் வினா. ஆய்லர் 1768ஆம் ஆண்டு நூலில் விளக்கிய முறை இதற்கு வழிகாட்டியது. தொடக்கப் புள்ளியில் விதி காட்டும் சாய்வில் சிறு தொலைவு நேர்கோட்டில் செல்க. சென்றடைந்த புள்ளியில் மீண்டும் சாய்வைக் கேட்டு அடுத்த அடியை வைக்க. அடிகளைச் சிறிதாக்கினால் முறிகோடு வளைவரையை நெருங்கும். உரிய நிபந்தனைகளின் கீழ் அவ்வாறு நெருங்குவதை 1820களில் கோஷி நிறுவினார். f தொடர்ச்சியான சார்பாக இருந்தாலே தீர்வு உண்டு என்னும் வலிய முடிவை இத்தாலியரான ஜுசெப்பே பியானோ 1886இல் வெளியிட்டார். 1890இல் அதை விரிவுபடுத்தினார். தொடர்ச்சி மட்டும் இருந்து லிப்ஷிட்ஸ் நிபந்தனை இல்லையெனில் முறிகோடுகள் அனைத்தும் ஒரே வளைவரையை நெருங்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் அவற்றுள் தக்கவற்றைத் தெரிந்தெடுத்தால் ஏதேனும் ஒரு தீர்வை அவை நெருங்கும். வாளிக்குத் தீர்வுகள் இருந்தன. பலவாக இருந்தன என்பதே சிக்கல்.

தொடர்ச்சியும் அற்றுப்போனால் நிகழ்வதைக் காண மின்சலவைப் பெட்டியை எண்ணிப் பார்க்கலாம். வேண்டிய வெப்பநிலையிலிருந்து உள்ள விலகலை x என்க. x சுழியாகவோ மிகுதியாகவோ இருந்தால் மின்சாரம் நின்று, x நிமிடத்திற்கு 1 பாகை குறைகிறது. x சுழிக்குக் கீழே இருந்தால் மின்சாரம் பாய்ந்து, x நிமிடத்திற்கு 1 பாகை உயர்கிறது. தொடக்கத்தில் x = 0 எனில் பிறகு என்ன ஆகும்?

விதிப்படி தொடக்க நொடியில் சாய்வு −1. ஆகவே அடுத்த கணமே x சுழிக்குக் கீழே இறங்க வேண்டும். அவ்வாறு இறங்கியிருக்கும் ஒரு நேரத்தை எடுத்து, அதற்கு முன் x கடைசியாகச் சுழியாக இருந்த நேரத்தைத் தேடுக. அவ்விரு நேரங்களுக்கு இடையில் x சுழிக்குக் கீழேயே இருந்தது; ஆகவே விதிப்படி அது ஏறிக்கொண்டே இருந்திருக்க வேண்டும். சுழியிலிருந்து ஏறிக்கொண்டே வந்த ஒன்று சுழிக்குக் கீழே இருப்பது எங்ஙனம்? இறங்காமலும் இருக்க முடியாது, இறங்கியிருக்கவும் முடியாது. இக்கணக்கிற்குத் தீர்வே இல்லை.

மெய்யான சலவைப்பெட்டி இதனால் நின்றுபோவதில்லை. அதன் வெப்பக்கட்டுப்பாட்டுப் பட்டை மின்சாரத்தை நிறுத்தும் வெப்பநிலையும் மீண்டும் இணைக்கும் வெப்பநிலையும் வேறு வேறு. இரண்டிற்கும் இடையே சிறு இடைவெளி உள்ளது. அவ்விடைவெளி இல்லாமல் செய்தால் இணைப்பு ஓயாமல் துடித்துத் தேய்ந்துபோகும். தீர்வில்லாத சமன்பாடு கருவியில் தன்னைக் காட்டிக்கொள்ளும் விதம் அதுவே.

தீர்வு உண்டு, அது ஒன்றே என்று உறுதியான இடத்திலும் அது எவ்வளவு காலம் நீடிக்கும் என்பதற்கு உறுதி கிடையாது. y′ = y², y(0) = 1 என்னும் கணக்கின் ஒரே தீர்வு y = 1/(1 − t). t ஒன்றை நெருங்கும்போது அது வரம்பின்றி உயர்ந்து, அதற்கப்பால் தொடர வழியின்றி முடிகிறது. y² எங்கும் தொடர்ச்சியானதே. ஆனால் y உயர உயர L-உம் உயர்ந்துகொண்டே போக வேண்டியிருப்பதால், நிறுவலில் கண்ட சிறு காலம் மேலும் மேலும் குறுகிவிடுகிறது.

கணினி தரும் ஒரே விடை

இக்குறைகள் தாளில் எழுதும்போது கண்ணில் படும். கணினியில் படுவதில்லை. வாளியின் கதையைப் பின்னோக்கிச் சொல்லும் சமன்பாடு y′ = 2√y; தொடக்கம் y(0) = 0. இதனை ஆய்லர் முறையில் கணினிக்குக் கொடுத்தால், முதல் அடியில் சாய்வு சுழி. ஆகவே y சுழியிலேயே நிற்கும். அடுத்த அடியிலும் அவ்வாறே. எத்தனை அடிகள் வைத்தாலும் கணினி 0 என்ற ஒரே விடையைத் தயக்கமின்றித் தரும். எண்ணிலாத பிற தீர்வுகள் இருப்பதற்கான எச்சரிக்கை ஏதும் வராது.

தொடக்கத்தைச் சற்றே அசைத்துப் பார்ப்பது இதைக் கண்டறியும் வழி. y(0) = 0 என்பதற்குப் பதில் 10⁻¹⁶ என வைக்க. சரியான தீர்வு y = (t + 10⁻⁸)². ஐந்தாம் நிமிடத்தில் அதன் மதிப்பு 25-ஐச் சற்றே தாண்டியிருக்கும். பதினாறாம் தசம இடத்தில் செய்த மாற்றம் வெற்று வாளியை 25 செ.மீ. நீருள்ள வாளியாக்கிவிடுகிறது. அதே மாற்றத்தை y′ = y என்னும் சமன்பாட்டில் செய்தால், ஐந்து நிமிடத்தில் அது ஏறக்குறைய 148 மடங்காகி 1.5 × 10⁻¹⁴ அளவில் நிற்கும்; கண்டுகொள்ளத் தேவையற்ற அளவு. லிப்ஷிட்ஸ் நிபந்தனை உள்ள இடத்தில் சிறு பிழை வளர்ந்தாலும் அது வளரும் மடங்குக்கு முன்கூட்டியே வரம்பு கூறலாம். பிழையைப் பத்தில் ஒன்றாக்கினால் விளைவும் பத்தில் ஒன்றாகும். வாளிச் சமன்பாட்டில் 10⁻¹⁶-ஐ 10⁻³⁰ ஆக்கினாலும் ஐந்தாம் நிமிட விடை 25-ஐ விட்டு நகர்வதில்லை.

உண்மை வாளியில் நீர்மட்டம் துளையின் அகலத்தை ஒத்த அளவுக்கு இறங்கியதும் டாரிசெல்லியின் விதியே பொருந்தாமல் போகிறது. துளைக்கு மேல் சுழல் தோன்றிக் காற்று உள்ளே இழுக்கப்படும். இறுதியில் பரப்பு இழுவிசை மெல்லிய நீர்ப்படலத்தைத் தட்டிலேயே தாங்கி நிறுத்திவிடும். அப்படலம் உலர்ந்து முடியும்வரை, வாளி அண்மையில்தான் காலியானது என்பதைத் தொட்டுப் பார்த்து அறியலாம்.